அப்பாவின் வீட்டுக் கடனுக்கு மகன் பொறுப்பா?

கேள்வி: அப்பா மார்ச்சில் தவறிவிட்டார். சாட்ஸ்வர்த் வீட்டை எனக்கும் தங்கைக்கும் சமமாக எழுதி வைத்திருக்கிறார். வீட்டை அடமானம் வைத்து வாங்கிய பாண்டில் பாக்கி 4,60,000 ராண்ட். வங்கியிலிருந்து கூப்பிட்டு, "நீங்கள்தானே வாரிசு, ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள்" என்கிறார்கள். போடலாமா? என் சம்பளத்தில் கை வைப்பார்களா?

பதில்: இப்போதைக்குப் போடாதீர்கள். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் கடன் அப்பாவின் எஸ்டேட்டை, அதாவது அவர் விட்டுச்சென்ற சொத்துகளின் தொகுப்பைச் சேர்ந்தது. பிள்ளை என்பதற்காக அது உங்கள் தலையில் விழாது. சம்பளத்தையும் தொட முடியாது. நீங்களும் சேர்ந்து கடன் வாங்கியிருந்தால், அல்லது ஜாமீன் நின்றிருந்தால்தான் வேறு கதை. "கடனை ஒப்புக்கொள்கிறேன்" என்ற தாளில் கையெழுத்திட்டாலும் புதிதாகப் பொறுப்பு வந்து சேரும்.

ஆனால் பாண்ட் வீட்டின் மேல் இருக்கிறது. அதைத் தீர்க்காமல் வீடு உங்கள் பேருக்கு மாறாது. வங்கி பேச வேண்டிய ஆள், இறந்தவர்களின் சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் அரசு அலுவலகமான மாஸ்டர் ஆபீஸ் நியமிக்கும் எக்ஸிக்யூட்டர்; கடனைத் தீர்த்துச் சொத்தைப் பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். அவர் அப்பாவுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு விளம்பரம் கொடுப்பார். குறைந்தது 30 நாள் அவகாசத்துக்குள் வங்கி தன் கணக்கைத் தர வேண்டும். முதலில் அவரிடம் கேளுங்கள்: அப்பா பாண்டோடு ஆயுள் காப்பீடு எடுத்திருந்தாரா? இருந்தால் பாக்கி பெரும்பாலும் அதிலேயே அடைந்துவிடும்.

இல்லையென்றால் கணக்குப் போடுவோம். வீடு 14 லட்சம் ராண்ட் பெறும் என்று வையுங்கள். பாக்கி போக 9,40,000. வீட்டை நீங்களே வைத்துக்கொள்ள நினைத்தால் தங்கையின் பாதியாக 4,70,000 கொடுக்க வேண்டும், பாண்டையும் உங்கள் பேரில் ஏற்க வேண்டும். ஆக 9,30,000 சுமை. அதை உங்கள் சம்பளம் தாங்குமா என்று பார்த்துத்தான் வங்கி சம்மதிக்கும்; மறுக்கவும் அதற்கு உரிமை உண்டு. எக்ஸிக்யூட்டர் கட்டணத்தையும் மறந்துவிடாதீர்கள். உயிலில் வேறு தொகை சொல்லாவிட்டால் சொத்தின் முழு மதிப்பில் 3.5 சதவீதம், அதாவது 49,000 ராண்ட். கடனைக் கழித்த பிறகு அல்ல! பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். எஸ்டேட்டில் ரொக்கம் இல்லையென்றால், வீட்டை விற்காமல் வைத்துக்கொள்ள அதையும் நீங்கள் இருவரும்தான் போட வேண்டும்.

வங்கி மறுத்தாலோ, உங்களுக்கே கட்டுப்படியாகவில்லையென்றாலோ வீட்டை விற்று, கடனும் செலவும் போக மீதியை இருவரும் பிரித்துக்கொள்ளலாம். கடன் சொத்தைவிட அதிகமாக இருந்திருந்தால் வீடு போயிருக்கும், ஆனால் துண்டு விழும் தொகையை உங்களிடம் கேட்க முடியாது.

இதற்கிடையில் தவணை? மரணச் செய்தி போனதுமே அப்பாவின் கணக்கு முடங்கும். டெபிட் ஆர்டர் திரும்பிவிடும், வட்டி மட்டும் ஓடும். வீட்டைக் காப்பாற்ற நீங்களே கட்டுவதில் தப்பில்லை. என்னிடம் வந்த ஒருவர் ஒன்பது மாதம் ரொக்கமாகக் கட்டியிருந்தார், ரசீதே இல்லை. பங்கு பிரிக்கும்போது, அவர் கட்டியதை அவருடைய தங்கை நம்பவில்லை. அதனால் உங்கள் கணக்கிலிருந்து, பாண்ட் எண்ணைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். எஸ்டேட்டுக்குக் கொடுத்த கடனாக இதைப் பதிவு செய்யுங்கள் என்று எக்ஸிக்யூட்டருக்கு அன்றே மின்னஞ்சல் போட்டுவிடுங்கள்.