கோத்தகிரி தேயிலை ஆலைக்கு எந்தத் தணிக்கைக் கருத்து?

கேள்வி: “கோத்தகிரி பக்கம் எங்கள் தேயிலை ஆலைக் கம்பெனிக்கு இந்த வருடம் குவாலிஃபைடு ரிப்போர்ட் வரும் என்கிறார் ஆடிட்டர். அட்வர்ஸ், டிஸ்கிளைமர் எல்லாம் எப்போது வரும்?”

ஆடிட்டர் இரண்டே விஷயங்களைப் பார்ப்பார். கணக்கில் தவறு இருக்கிறதா, அல்லது சரிபார்க்கவே ஆதாரம் இல்லையா? அதன் பாதிப்பு ஓரிடத்தோடு நிற்கிறதா, கணக்கு முழுவதும் பரவுகிறதா?

மார்ச் 31 அன்று 40,000 கிலோ தூள் இருப்பு, கிலோ 130 ரூபாய் அடக்கவிலையில் காட்டியிருக்கிறீர்கள் என்று வைப்போம். ஏப்ரலில் குன்னூர் ஏலத்தில் செலவு போக 105 ரூபாய்தான் கிடைத்தது. இரண்டில் குறைந்ததைத்தான் எழுத வேண்டும். வித்தியாசம் 10 லட்சம். குறைத்து எழுதினால் குறை எதுவும் சொல்லாத அன்மாடிஃபைடு ரிப்போர்ட். மறுத்தால், காட்டிய லாபம் 30 லட்சம் என்றிருக்க, அது பெரிய தொகை. ஆனால் ஒரே இனத்தில் நிற்கிறது. எனவே குவாலிஃபைடு: “இது தவிர மற்றவை சரி.”

இதோடு வங்கிக் கடன் வட்டியும் தேய்மானமும் எழுதாமல் விட்டு, உண்மையில் நஷ்டமாக வேண்டியது லாபமாக நின்றால் அட்வர்ஸ்: “கணக்கு முழுவதுமே உண்மை நிலையைக் காட்டவில்லை.”

டிஸ்கிளைமர் வேறு வழி; சரிபார்க்க ஆதாரம் இல்லாதபோது வருவது. ஆடிட்டர் மார்ச் 31-க்குப் பிறகு நியமிக்கப்பட்டு, இருப்பை எண்ணும்போது இல்லை என்பதாலேயே அது வராது. பிறகு எண்ணி, உற்பத்திப் பதிவேடு, டெஸ்பாட்ச் சீட்டுகளை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடலாம். அதுவும் முடியாமல், இருப்பு மட்டும் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் குவாலிஃபைடுதான். பச்சை இலை கொள்முதல், விற்பனைப் பதிவுகளும் சேர்ந்து காணாமல் போயிருந்தால்தான் கருத்தே சொல்ல மறுப்பார்.