வாட்ஸ்அப் பேச்சிலிருந்து நிகழ்ச்சி நிரல்

மார்த்தாண்டத்தில் தேன் பதப்படுத்தும் கூடம் தொடங்குகிறோம். செவ்வாய்க்கிழமை முதல் கூட்டம். வாட்ஸ்அப்பில் பேசியதை முறையான நிரலாக்குவது எப்படி?

முடிவு தேவைப்படும் வரிகளை முதலில் பிரித்தெடுங்கள். ‘மெஷின் விலை பார்க்கணும்’ என்று ஒருவர் எழுதியிருந்தால், நிரலில் அது இப்படி வர வேண்டும்:

‘10.10–10.40: வடிகட்டும் இயந்திரம், மூன்று விலைப்புள்ளிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தல். முன்தயாரிப்பு: கொள்முதல் பொறுப்பாளர் திங்கள் மாலை 5 மணிக்குள் ஒப்பீட்டுப் பட்டியலை அனைவருக்கும் அனுப்ப வேண்டும்.’

பட்டியலைக் கூட்டத்திலேயே முதன்முறை பார்த்தால், அந்த அரை மணி நேரம் படிப்பதிலேயே போய்விடும், முடிவு வராது. அதனால்தான் தயாரிப்புக்கு ஒரு பொறுப்பாளரும் கெடுவும் கட்டாயம். ‘எல்லோரும் பார்த்து வாருங்கள்’ என்று எழுதினால் யாரும் பார்ப்பதில்லை.

அறிமுகத்துக்குப் பத்து நிமிடம் போதும். பேச்சில் யாரும் உறுதிசெய்யாத தேதியை முடிவானதாக எழுதாதீர்கள். உரியவரிடம் கேட்டபின் சேருங்கள்.