டைட்டில் ஏன் தடுக்கி நிற்கிறது? கீஃப்ரேம் கேள்வி-பதில்

டைட்டில் அசைவு பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஷாட்கட் என்ற வீடியோ எடிட்டரைப் பற்றியவை. அதனால் பதில்களையும் அதை வைத்தே சொல்கிறேன். ப்ராஜெக்ட் 1920 × 1080, நொடிக்கு 25 ஃப்ரேம் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு எடிட்டரான கெடென்லைவும் ஷாட்கட்டும் உள்ளே எம்எல்டி என்ற ஒரே எஞ்சினில்தான் ஓடுகின்றன. எனவே கீஃப்ரேம், அதாவது 'இந்த ஃப்ரேமில் இந்த எண்' என்று நாம் பதித்துவைக்கும் புள்ளி, எப்படி நடந்துகொள்ளும் என்று இங்கே சொல்வதில் பெரும்பகுதி கெடென்லைவுக்கும் பொருந்தும்.

கீழ்ப் பக்கம் பெயர் காட்டும் டைட்டிலை இடப்பக்கத்திலிருந்து உள்ளே கொண்டுவருகிறேன். வந்துவிடுகிறது, ஆனால் அசையாமல் நிற்கவில்லை. மெல்ல வலப்பக்கம் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. ஏன்?

பெரும்பாலும் கீஃப்ரேம்களின் எண்ணிக்கையில்தான் பிழை இருக்கும். உள்ளே வந்து, நின்று, வெளியே போகும் டைட்டிலுக்கு நான்கு கீஃப்ரேம் வேண்டும். பலர் மூன்றுதான் வைக்கிறார்கள்: வெளியே, உள்ளே, மறுபடி வெளியே. அப்படி வைத்தால் டைட்டில் நிற்பதற்கென்று நேரமே ஒதுக்கப்படவில்லை. உள்ளே வந்த கணமே வெளியே நகரத் தொடங்கிவிடும்.

ஒரு டைட்டிலை முழுதாகச் செய்து பார்ப்போம். ஆறு நொடி, அதாவது 0 முதல் 149 வரை 150 ஃப்ரேம். Open Other > Color வழியாக ஒளிபுகும் கிளிப் ஒன்றை எடுத்து, வீடியோவுக்கு மேலுள்ள டிராக்கில் வையுங்கள். அதில் முதலில் Text: Simple, அதற்குக் கீழே Size, Position & Rotate. இந்த வரிசையை மாற்றிவிடாதீர்கள். ஃபில்டர்கள் மேலிருந்து கீழாக வேலை செய்கின்றன. நகர்த்தும் ஃபில்டர் மேலே இருந்தால் அது காலியான கிளிப்பை நகர்த்திவிடும். எழுத்து அதற்குப் பிறகு வந்து அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

எழுத்தைத் திரையில் அது இறுதியாக நிற்க வேண்டிய இடத்திலேயே வைத்துவிடுங்கள். நகர்த்துவதெல்லாம் இரண்டாவது ஃபில்டரின் வேலை. இடப்பக்க ஓரத்திலிருந்து 150 பிக்சலில் தொடங்கி, சுமார் 700 பிக்சல் அகலமுள்ள டைட்டில் என்றால், Position-இன் முதல் எண்ணை -900 ஆக்கினால் அது முழுதாக மறைந்துவிடும். இனி கடிகாரப் படத்தை அழுத்தி இந்த நான்கையும் வையுங்கள்: 0-ஆவது ஃப்ரேமில் -900, 18-இல் 0, 131-இல் 0, 149-இல் -900. நடுவிலுள்ள இரண்டு சுழியமும் சேர்ந்துதான் டைட்டிலை நிறுத்திவைக்கின்றன.

நான்கும் சரியாக இருந்தும் ஊர்கிறதா? அப்படியானால் இரண்டு இடங்களைப் பாருங்கள். கடிகாரம் ஆன் ஆகியிருக்கும்போது நீங்கள் எந்த ஃப்ரேமில் நின்று எண்ணை மாற்றினாலும் அங்கே தானாக ஒரு கீஃப்ரேம் விழும். நடுவில் எங்கோ 'கொஞ்சம் வலப்பக்கம் தள்ளலாம்' என்று இழுத்திருப்பீர்கள். Keyframes பேனலில் நான்குக்கு மேல் புள்ளி தெரிந்தால் அதுதான் காரணம். அதை நீக்குங்கள்.

இன்னொரு காரணம் Smooth. அது கீஃப்ரேம்கள் வழியாக ஒரு வளைகோட்டை இழுக்கிறது. வேகமாக 0-வை நோக்கி வந்த கோடு சட்டென்று தட்டையாக முடியாமல், 0-வைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போய் இறங்கக்கூடும்; இது ஷாட்கட்டின் பதிப்பைப் பொறுத்தது. திரையில் அது டைட்டில் வலப்பக்கம் ஊர்ந்து திரும்பி வருவதுபோலத் தெரியும். கிளிப்பின் நடுப்பகுதியில்தான் ஊர்வது அதிகம் என்றால் Smooth-ஐத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 18-ஆவது ஃப்ரேமிலுள்ள கீஃப்ரேமை ரைட் கிளிக் செய்து Keyframe Type-இல் Linear கொடுங்கள். இரண்டு முனையிலும் ஒரே எண் இருக்கும்போது Linear என்றால் நேர்கோடு, அதாவது அசைவே இல்லை.

Linear வைத்தால் டைட்டில் சுவரில் மோதியதுபோல நிற்கிறது. Ease In வைத்துப் பார்த்தேன், இன்னும் மோசமானது. Ease Out-ஐ நிற்கும் கீஃப்ரேமில் வைத்தேன், எதுவுமே மாறவில்லை.

நீங்கள் செய்தது நியாயமான முயற்சிதான். குழப்பம் பெயர்களில் இருக்கிறது.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் பழகியவர்களுக்கு Ease In என்றால் அந்தக் கீஃப்ரேமுக்குள் மெதுவாக வந்து சேர்வது. ஷாட்கட்டிலும் கெடென்லைவிலும் இணையதள நிரலாக்கத்திலும் புழங்குவது வேறு வழக்கம். இங்கே Ease In என்றால் மெதுவாகத் தொடங்கி வேகமெடுப்பது, Ease Out என்றால் வேகமாகத் தொடங்கி மெதுவாக முடிவது. உள்ளே வரும் டைட்டிலுக்கு Ease In கொடுத்தால் அது உச்ச வேகத்தில் வந்து சட்டென்று நிற்கும். மோசமாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

எம்எல்டியில் இன்னொரு விதியும் உண்டு: ஒரு கீஃப்ரேமின் வகை, அதிலிருந்து அடுத்த கீஃப்ரேம் வரையுள்ள பகுதியை ஆள்கிறது. அதற்கு முந்தைய பகுதியைத் தொடவே தொடாது. நீங்கள் 18-ஆவது ஃப்ரேமில் வைத்த Ease Out, டைட்டில் சும்மா நிற்கும் பகுதிக்குப் போய்விட்டது. 0-விலிருந்து 0-வுக்குப் போகும் இடத்தில் எந்த வளைவு வைத்தாலும் ஒன்றும் தெரியாது. Ease Out போக வேண்டிய இடம் 0-ஆவது ஃப்ரேம். அதேபோல டைட்டில் வெளியே போக Ease In-ஐ 131-ஆவது ஃப்ரேமில் வையுங்கள், 149-இல் அல்ல.

Linear-க்கும் Ease Out-க்கும் என்ன வித்தியாசம் என்று எண்களில் பாருங்கள். 900 பிக்சல் தூரத்தை 18 ஃப்ரேமில் Linear-ஆகக் கடந்தால் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் 50 பிக்சல். கடைசி ஃப்ரேமிலும் 50 பிக்சல் தாவிவிட்டு அடுத்த ஃப்ரேமில் 0. கண் இதைத்தான் மோதலாக உணர்கிறது. Ease Out-இல் Cubic தேர்ந்தெடுத்தால் முதல் ஃப்ரேமிலேயே சுமார் 142 பிக்சல் ஓடிவிடும். ஒன்பதாவது ஃப்ரேமில் பாக்கி ஏறக்குறைய 112 பிக்சல்தான் இருக்கும். கடைசி ஃப்ரேமில் நகர்வது ஒரு பிக்சலுக்கும் குறைவு. டைட்டில் எப்போது நின்றது என்றே பார்ப்பவருக்குத் தெரியாது. பெயரைப் படிக்க ஆரம்பித்திருப்பார்.

அதே பட்டியலில் Back, Elastic, Bounce என்றெல்லாம் இருக்கும். குழந்தைகள் நிகழ்ச்சிக்கு Bounce அழகுதான். இரங்கல் வீடியோவில் இறந்தவரின் பெயர் துள்ளிக்கொண்டு வந்து நின்றதை ஒருமுறை பார்த்தேன், மனம் கஷ்டமாகிவிட்டது. பெயர் காட்டும் டைட்டிலுக்கு நான் Cubic-ஐத் தாண்டுவதில்லை.

மேல் மூலையில் லோகோ சிறிதாகத் தொடங்கி இருந்த இடத்திலேயே பெரிதாக வேண்டும். ஆனால் அது கீழே சரிந்துகொண்டே பெரிதாகிறது.

Size, Position & Rotate-இல் Position என்பது சட்டகத்தின் இடப்பக்க மேல் மூலை, நடுப்புள்ளி அல்ல. Size-ஐ மட்டும் மாற்றினால் அந்த மூலை ஆணியடித்ததுபோல நிற்க, லோகோ வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் வளரும். நடுவிலிருந்து மலர வேண்டுமென்றால் Position-ஐயும் சேர்த்து மாற்ற வேண்டும்.

கணக்கு எளிதுதான். கடைசியில் லோகோ 300 × 300, Position 1540, 60 என்று வைத்துக்கொள்வோம். பாதி அளவான 150-ஐக் கூட்டினால் அதன் நடுப்புள்ளி 1690, 210. தொடக்கத்தில் 30 × 30 வேண்டுமென்றால், நடுப்புள்ளியிலிருந்து 15 கழித்து Position-ஐ 1675, 195 ஆக்குங்கள். இடமும் அளவும் ஒரே கீஃப்ரேமில் பதிவாகும், அதனால் இரண்டும் தனித்தனி வேகத்தில் ஓடிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். Size Mode-இல் Fit இருக்கட்டும், லோகோ நசுங்காது.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். லோகோவின் PNG படம் கடைசி அளவைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. 120 பிக்சல் படத்தை 300-க்கு இழுத்தால் விளிம்பு கலங்கும், எந்தக் கீஃப்ரேமும் அதைக் காப்பாற்றாது.

தட்டச்சு செய்வதுபோல எழுத்தெழுத்தாக வரும் எஃபெக்ட் ஆங்கிலத்தில் அருமையாக இருக்கிறது. தமிழில் வேறு எழுத்தெல்லாம் வந்து மறைகிறது.

'தென்றல்' என்று நமக்குத் தெரிவது நான்கு எழுத்து. யூனிகோடில் அது ஏழு குறியீடு: த, எகரக் குறி, ன, புள்ளி, ற, ல, புள்ளி. எஃபெக்ட் குறியீடுகளை ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினால் திரையில் த, தெ, தென, தென் என்று போகும். அந்த 'த'வும் 'தென'வும் ஓரிரு ஃப்ரேம் மின்னி மறைவதைத்தான் பார்க்கிறீர்கள். மென்பொருள் தமிழின் உயிர்மெய்யை ஒரே எழுத்தாக எண்ணாதவரை வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பயனில்லை.

நான் எழுத்தைத் தொடாமல் திரையை விலக்குகிறேன். Text: Simple-க்குக் கீழே Crop: Rectangle ஃபில்டரைச் சேருங்கள். அதன் சட்டகம் எழுத்தின் இடப்பக்க விளிம்பில் தொடங்கட்டும். முதல் கீஃப்ரேமில் அகலம் 0, அடுத்ததில் எழுத்து முழுதும் அடங்கும் அகலம். மேலே கொம்பும் கீழே சுழியும் வெட்டுப்படாதபடி உயரத்தில் இடம் விடுங்கள். வெட்டிய பகுதி கறுப்பாகத் தெரிந்தால் Padding color-ஐ ஒளிபுகும்படி மாற்ற வேண்டும். இங்கே மட்டும் Linear-தான் சரி. கண் ஒரே சீராகப் படித்துக்கொண்டு போகிறது, திரையும் அதே சீரில் விலகட்டும்.

டைட்டிலை எட்டு நொடிக்கு நீட்டினேன். ஆறாவது நொடியிலேயே ஓடிப்போய்விடுகிறது.

கிளிப் நீண்டாலும் கீஃப்ரேம்கள் வைத்த இடத்திலேயே இருக்கும். 131, 149 இரண்டையும் Keyframes பேனலில் 181, 199-க்கு நகர்த்துங்கள். இரண்டையும் ஒரே அளவு நகர்த்த வேண்டும். கடைசியை மட்டும் இழுத்தால் டைட்டில் வெளியேற 18 ஃப்ரேமுக்குப் பதில் 68 ஃப்ரேம் எடுத்துக்கொள்ளும்.

வேகமாக நகரும்போது எழுத்து விட்டுவிட்டுத் தெரிகிறது. கணினி போதவில்லையா?

முதலில் அந்த ஆறு நொடியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். அதில் சரியாக ஓடினால் திணறுவது ப்ரிவியூதான், வீடியோவில் குறையில்லை.

எக்ஸ்போர்ட்டிலும் அப்படியே இருந்தால் காரணம் தாவல். நொடிக்கு 25 படத்தில், ஃப்ரேமுக்கு நூறு பிக்சலுக்கு மேல் கூர்மையான எழுத்து தாவும்போது கண்ணால் இரண்டு படத்தையும் இணைக்க முடிவதில்லை. கேமராவில் எடுத்த காட்சியில் அசைவுக் கலங்கல் இந்த இடைவெளியை நிரப்பிவிடும். நம் டைட்டிலில் அது இல்லை. தூரத்தைக் குறையுங்கள். 900 பிக்சலுக்குப் பதில் 120 பிக்சல் மட்டும் நகர்த்தி, கூடவே Opacity-யை 0-விலிருந்து 100-க்குக் கொண்டுவந்தாலே டைட்டில் உள்ளே வந்த உணர்வு கிடைத்துவிடும். முழுத் தூரமும் வேண்டுமென்றால் டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில், Fusion பக்கத்திலுள்ள Transform-இன் Settings தாவலில் Motion Blur இருக்கிறது. அதை ஆன் செய்தால் ரெண்டர் ஆக நேரம் கூடும், ஆனால் எழுத்து வழுக்கிக்கொண்டு வரும்.