நோன்பு மாசத்தில் படிப்பு நேரம்: ராத்திரியைத் தூக்கத்துக்கு விடுங்கள்

கேள்வி: எம்மவ பிளஸ் டூ. படிப்பு லீவு விட்டாச்சு, நோன்பும் பிடிக்கிறா. தராவீஹ் முடிஞ்சதும் உக்காந்து சஹர் வரைக்கும் முழிச்சே படிக்கிறா. பகல்ல கேட்டா ஒண்ணும் ஞாபகம் இல்லங்கா. நேரத்த எப்படி மாத்த? (மேலப்பாளையத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: பசியைவிட இங்கே தூக்கம்தான் சிக்கல். படித்தது மனசில் பதிவதில் பெரும்பங்கு தூங்கும்போதுதான் நடக்கிறது. அந்த நேரத்தில் அவள் முழித்திருக்கிறாள்.

இரவு 10.30-க்குப் படுத்து 4.15-க்கு எழட்டும். லுஹருக்குப் பிறகு 1.15 முதல் 2.30 வரை இன்னொரு தூக்கம். ஆக மொத்தம் ஏழு மணி நேரம். மதியம் இவ்வளவு தூங்கி எழுந்தால் கொஞ்ச நேரம் மந்தமாக இருக்கும், அதனால் மூன்று மணிக்கு முன் புத்தகத்தைத் தொட வேண்டாம்.

மார்ச் தொடக்கத்தில் நம் பக்கம் பஜ்ர் 5.20 வாக்கில் வரும். தொழுகை முடிந்து 5.45 முதல் 8.15 வரைதான் புதுப் பாடத்துக்கு உகந்த நேரம். சாப்பிட்ட தெம்பும் இருக்கும், தெருவும் அமைதியாக இருக்கும். பரீட்சையும் காலையில்தானே, அந்தப் பழக்கமும் வந்துவிடும்.

உதாரணத்துக்கு, மெண்டலின் ஒருபண்புக் கலப்பை எடுத்துக்கொள்வோம். 5.45-க்குப் படிக்கத் தொடங்கி, 6.30-க்குப் புத்தகத்தை மூடிவிட்டு, கட்டத்தையும் 3:1, 1:2:1 விகிதங்களையும் வெள்ளைத்தாளில் எழுத வேண்டும். விட்டுப்போனதைச் சிவப்பு மையில் குறிக்கட்டும். மாலை 4.30-க்குப் புதுசாக எதுவும் வேண்டாம். அதே தாளைப் பார்க்காமல் மறுபடி எழுதினால் போதும். தராவீஹ் முடிந்து வந்ததும் சிவப்பு வரிகளை மட்டும் 15 நிமிடம் பார்த்துவிட்டுப் படுக்க வேண்டியதுதான். மறுநாள் காலை முதல் வேலை, அந்த வரிகளை மனசிலிருந்து எழுதுவது. ஒரே வரியை மூன்று தடவை படித்தும் ஏறவில்லை என்றால் படிப்பை நிறுத்திப் படுக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் உட்கார்ந்து பயனில்லை.

சஹருக்குச் சோற்றோடு பருப்பு அல்லது முட்டை, தயிர், ஒரு வாழைப்பழம் இருக்கட்டும். கருவாடும் ஊறுகாயும் உப்பு மிகுந்தவை, பகலில் தாகத்தைக் கூட்டும். நோன்பு திறந்ததிலிருந்து சஹர் முடியும்வரை இரண்டு லிட்டர் தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடிக்க வேண்டும். கடைசி பத்து நிமிடத்தில் மொத்தமாகக் குடித்தால் பெரும்பாலும் சிறுநீராகப் போய்விடும். திறக்கும்போது நோன்புக் கஞ்சி நல்லதுதான். அதோடு நாலு வடையும் சமோசாவும் சேர்ந்தால்தான் தூக்கம் சொக்கும்.

முதல் சில நாள் மூன்று மணி வாக்கில் தலைவலித்தால், வழக்கமாகக் குடிக்கும் டீ இல்லாததாலும் இருக்கலாம். இனிமேல் நோன்புக்கு ஒரு வாரம் முன்பே பகல் டீயைக் குறைத்துவிடுங்கள். தலைசுற்றலோ மயக்கமோ வந்தால், அல்லது அவளுக்குச் சர்க்கரை நோய் இருந்தால், டாக்டரிடம் கேட்காமல் இந்த அட்டவணையைப் பிடிக்க வேண்டாம். நோயாளிக்கு நோன்பைப் பிறகு நோற்கும் சலுகை மார்க்கத்திலேயே உண்டு.