கிரீம் சீஸ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கிரீம் சீஸ் சரியாக வரவில்லை. என்ன காரணம்?

பால் எவ்வளவு, கிரீம் எவ்வளவு, எந்த வெப்பத்தில் எத்தனை மணி நேரம் உறையவிட்டீர்கள்? இதில் ஒன்றைக்கூட எழுதாமல் காரணம் கேட்டால் எதைச் சொல்வது? வெப்பமானியில் பார்த்துக் குறித்துக்கொண்டு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: உறைந்துவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

ஒரு லிட்டர் முழுப்பாலுக்கு அரை லிட்டர் கிரீம், மிதமான வெப்பத்தில் பாலை உறையவைக்கும் பாக்டீரியாவான மீசோஃபிலிக் கல்ச்சர், 22 முதல் 24 டிகிரி என்றால் சுமார் 12 முதல் 18 மணி நேரம் ஆகும். கத்தியால் கீறினால் பிளவு சுத்தமாக விழ வேண்டும், ஓரத்தில் மெல்லியதாகத் தெளிநீர் நிற்க வேண்டும். அதற்குமுன் வடிக்கத் துணியில் ஊற்றினால் கொழுப்பும் சேர்ந்து வழிந்துவிடும்.

கேள்வி: நான்கு மணி நேரம் வடித்தும் தண்ணீராகவே இருந்தது. பிழிந்தேன். மணல் மணலாகிவிட்டது. ஏன்?

பிழிந்ததால்தான். எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. துணியைப் பிழியாதீர்கள்!

இளம் தயிர்க்கட்டி மிக மென்மையானது. பிழிந்தால் அது நசுங்கி, கொழுப்பு துணியின் கண்களில் அப்பிக்கொள்ளும். பிறகு நீர் இறங்க வழியில்லை. ஓரம் இறுகிக் கட்டிதட்டும், நடுப்பகுதி ஈரமாகவே நிற்கும். இரண்டையும் கலக்கும்போது நாக்கில் படுவதுதான் அந்த மணல்.

உங்கள் துணியில் நீர் மெதுவாக இறங்கியதும் இயல்புதான். முதல் இரண்டு மணி நேரத்தில் துணியை ஒட்டிய அடுக்கு கெட்டியாகி நீரைத் தடுக்கும். அப்போது மூட்டையைத் திறந்து, ஓரத்தில் ஒட்டியதைக் கரண்டியால் வழித்து நடுவில் கொண்டுவந்து, மறுபடி தொங்கவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்தால் போதும். நெருக்கமாக நெய்த மஸ்லின் துணி வேண்டும். இரவு முழுக்க விடுவதென்றால் ஃப்ரிட்ஜில் தொங்கவிடுங்கள். வெளியில் விட்டால் கல்ச்சர் வேலையை நிறுத்தாது, புளிப்பு ஏறிக்கொண்டே போகும்.

பாலைக் கொதிக்கவைத்துப் பிறகு ஆறவைத்துச் செய்தீர்களா என்பதையும் பாருங்கள். கொதித்த பாலின் புரதம் நீரை இறுகப் பிடித்துக்கொள்ளும், வடிய அதிக நேரமாகும். பாஸ்ச்சரைஸ் செய்த பாலை 24 டிகிரிக்குச் சூடாக்கினால் போதும்.

கேள்வி: உப்பைப் பாலிலேயே கலந்துவிடலாமா?

கூடாது. கல்ச்சர் மந்தமாகும், உப்பில் பெரும்பகுதி தெளிநீரோடு போய்விடும். வடித்து முடித்தபின் எடை போட்டு, நூறு கிராமுக்கு ஒரு கிராமுக்குள் பொடியுப்பு தூவிக் கலக்குங்கள். மேலே சொன்ன அளவுக்கு ஐந்நூறு கிராமை ஒட்டிச் சீஸ் கிடைக்கும், ஐந்து கிராம் உப்பு தாராளம். ஒரு மணி நேரம் கழித்துச் சுவையுங்கள், அதற்கு முன் உப்பு கரைந்திருக்காது.

கேள்வி: தெளிநீர் நுரைத்து, துர்நாற்றம் அடிக்கிறது. வடித்தபின் சரியாகுமா?

ஆகாது. கொட்டிவிடுங்கள். பாத்திரத்தையும் துணியையும் கொதிநீரில் போட்டு எடுத்துத் தொடங்குங்கள். பிழியாதீர்கள்.