கடைசி வரிசைக்குத் தெரியாத கிளாஸ்

வணக்கம் ஐயா. வலிகாமத்தில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அடுத்த மாதம் எங்கள் பிள்ளைகளின் விஞ்ஞானக் கண்காட்சி. தொடக்கவுரை என் தலையில் விழுந்திருக்கிறது. போன வருடம் வந்த பெற்றோர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டார்கள். பிள்ளைகள் செய்து வைத்த எதையும் ஒருவரும் தொடவில்லை. இந்த முறை எல்லாரும் செய்து பார்க்க வேண்டும். உரையில் என்ன சொல்லலாம்? மேடையிலேயே ஒரு பரிசோதனை செய்து காட்டினால் நல்லதா?

— ஒரு விஞ்ஞான ஆசிரியை

அன்புள்ள ரீச்சர்,

மேடையில் பரிசோதனை வேண்டாம். நான் பட்டவன்.

சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி ஒரு விழாவில் பேசக் கூப்பிட்டார்கள். பெரிய யோசனையோடு போனேன். ஒரு கிளாசில் சிவப்புக் கலர் போட்ட உப்புத் தண்ணீர், அதன் மேல் கரண்டியை வைத்து மெதுவாக ஊற்றிய நல்ல தண்ணீர். இரண்டும் கலக்காமல், நடுவில் கோடு கீறினமாதிரி நின்றது. அதைப் பார்த்தது நானும் பக்கத்தில் இருந்த அதிபரும்தான். மூன்றாம் வரிசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு, மைக்குக்குப் பின்னால் ஒருவர் குனிந்து நின்று சர்பத் கலக்குவது மட்டும் தெரிந்திருக்கிறது. "உவர் என்ன கலக்கிறார்?" என்று ஒரு அம்மம்மா கேட்டது முன்வரிசை வரை கேட்டது. நான் கலக்கியதும் உவர்தான். அந்தப் பகிடி எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

கையளவு பொருளை நூறு பேருக்குக் காட்ட முடியாது. அது கூடாரத்தில் மேசைக்கு மேசை இருக்க வேண்டியது. மேடையிலிருந்து கொடுக்கக்கூடியது ஒரு கேள்விதான், அதுவும் கேட்டவுடன் பதில் தெரிந்த கேள்வி. யாழ்ப்பாணத்தில் அப்படி ஒரு கேள்வி தயாராக இருக்கிறது: "உங்கள் வீட்டுக் கிணறு நல்ல தண்ணியா, சவரா?"

இதற்குக் கை தூக்காத ஆள் இங்கே இல்லை. நமக்கு வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. குடிப்பது, குளிப்பது, வெங்காயத்துக்கு இறைப்பது எல்லாம் கிணறுதான். எந்த வளவில் தேத்தண்ணி ருசிக்கும், எந்த வளவில் பருப்பு வேகாது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் நாலு வீடு தள்ளிப் போனால் ஏன் தண்ணீர் மாறுகிறது என்று கேட்டால் வாய் அடைத்துப் போகும். அந்த இடத்தில் உரையை நிறுத்துங்கள். பதில் கூடாரத்தில் இருக்கட்டும்.

அந்தக் கூடாரத்தை எப்படி வைப்பது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாக எழுத ஆசை. உரை நன்றாக அமைந்து கூடாரம் சொதப்பினால் நீங்கள் அழைத்துப் பிரயோசனமில்லை.

முதலில் விசயம். நம் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மாரி மழை அதற்குள் இறங்கித் தேங்குகிறது. சுற்றிவரக் கடல் என்பதால் கடல்நீரும் அதே கல்லுக்குள் பக்கவாட்டில் புகுந்து கீழே நிற்கிறது. மழைத்தண்ணீர் இலேசு, கடல்தண்ணீர் கனம். ஆகவே ஒன்று மற்றதன் மேல் மிதக்கிறது. எவ்வளவு ஆழத்துக்கு மிதக்கும் என்பதைப் பிள்ளைகளே கணக்குப் போடலாம். ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் ஏறக்குறைய 1000 கிராம், ஒரு லீற்றர் கடல்தண்ணீர் ஏறக்குறைய 1025 கிராம். 41 அடி உயரமான நல்ல தண்ணீர்த் தூணை 40 அடி கடல்தண்ணீர்த் தூண் தாங்கும், ஏனென்றால் 41ஐ 1000ஆல் பெருக்கினாலும் 40ஐ 1025ஆல் பெருக்கினாலும் 41,000தான். அதாவது கிணற்று நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே 40 அடி வரை நல்ல தண்ணீர்.

திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கும். பம்ப் போட்டு இறைத்து அந்த ஓர் அடியை அரை அடியாக்கினால், காலப்போக்கில் கீழிருந்து உவர் 20 அடி ஏறிவரும். இந்த 40 என்ற கணக்கை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒல்லாந்தரான பாடோன் கைபனும், 1901இல் ஜேர்மனியரான ஹெர்ஸ்பேர்க்கும் தனித்தனியே எழுதினார்கள். பிள்ளைகளுக்குப் பெயர் முக்கியமில்லை. ஆனால் இது அசையாமல் நிற்கும் தண்ணீருக்கான கணக்கு என்று சொல்லிக்கொடுங்கள். உண்மையில் இரண்டுக்கும் நடுவே கலங்கிய ஒரு படை இருக்கும். நம் கல்லில் வெடிப்பும் பொந்தும் இருப்பதால் ஒரு வளவில் உவர் சீக்கிரம் ஏறும், பக்கத்து வளவில் ஏறாது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர் என்பது எல்லாரும் கேள்விப்பட்டதுதானே, அதற்குப் பின்னால் இருப்பதும் இந்த மிதப்புத்தான்.

இனி மேசை. உயரமான கண்ணாடிச் சாடி ஒன்று, ஊசி கழற்றிய பெரிய சிறிஞ், அதில் மாட்ட ஒரு சாண் மெல்லிய குழாய். உப்புத் தண்ணீரை முதல்நாளே கரைத்து வையுங்கள். கடல் அளவு வேண்டுமென்றால் 10 லீற்றர் வாளிக்கு 350 கிராம் உப்பு. ஆனால் பல கை பட்டு ஆடும் மேசையில் அந்தக் கோடு சீக்கிரம் கலங்கிவிடும். அதனால் நான் ஒரு கிலோ போடுவேன். அப்படிச் செய்தால் "இது கடலைவிடக் கூட உப்பு" என்று பிள்ளை வாயால் சொல்லவேண்டும், மறைக்கக்கூடாது. கேக்குக்குப் போடும் சிவப்புக் கலரிங்கை உப்புத் தண்ணீரில் மட்டும் கலக்குங்கள். சாடியில் பாதிக்கு அதை ஊற்றி, மேலே ஒரு ரெஜிபோம் துண்டை மிதக்கவிட்டு, அந்தத் துண்டின் மேலேயே நல்ல தண்ணீரை நூல்போல ஊற்றினால் கோடு நிற்கும். ரோஸ் நிறமாகப் பரவினால் ஊற்றியது வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

வந்தவர் செய்யவேண்டியது இதுதான். குழாயின் நுனியைக் கோட்டுக்கு ஒரு விரல் மேலே வைத்து சிறிஞ்சை மெதுவாக இழுக்கட்டும். தெளிந்த தண்ணீர் வரும். பிறகு அதே இடத்தில் சடாரென்று இழுக்கட்டும். கோடு நடுவில் கூம்புபோல எழும்பி, சிவப்புக் குழாய்க்குள் ஏறிவிடும். துலாவுக்கும் மெசினுக்கும் உள்ள வித்தியாசம் கைக்குள்ளேயே தெரிந்துவிடும். இழுக்க முன்னம் "என்ன நடக்கும் என்று நினைக்கிறீங்கள்?" என்று பிள்ளை கேட்கவேண்டும். இதை மட்டும் பழக்குங்கள். பாடமாக்கி ஒப்புவிக்கிற பிள்ளைக்கு முன்னால்தான் பெற்றோர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். வாத்தியார் முன்னால் நிற்கிறமாதிரி.

கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் கொண்டுவரச் சொல்லி TDS மீற்றரில் அளக்கலாம், சனம் வரிசையில் நிற்கும். ஒரு கவனம். அந்த மீற்றர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்தத்தை மட்டும் காட்டும். அது கடலுப்பா சுண்ணாம்பா என்று பிரித்துச் சொல்லாது. தோட்டத்துக்குப் போட்ட உரத்திலிருந்து இறங்கும் நைத்திரேற்றைத் தனியே காட்டவே காட்டாது. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் நைத்திரேற்றுக்கு வைத்திருக்கும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டிய தண்ணீரும் நாக்குக்கு நல்ல தண்ணிதான், கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. எனவே எந்தப் பிள்ளையும் "இது குடிக்கலாம்" என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது. "உங்கட கிணறு இந்த எண், பக்கத்து வீடு அந்த எண்" என்பதோடு நிற்கட்டும். சுவரில் ஒரு ஊர்ப்படம் ஒட்டி எண்களை எழுதிக்கொண்டு போனால், மத்தியானத்துக்குள் கடற்கரைப் பக்கம் எண் ஏறுகிறதா என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

சரி, உரை. "மதிப்பிற்குரிய" வரிசை மூன்று நிமிடம் தின்னும். அறிவிப்பாளர் எல்லார் பெயரையும் ஏற்கெனவே சொல்லியிருப்பார், நீங்கள் ஒரு வரியில் முடியுங்கள். பிள்ளைகள் வெயிலில் நிற்கிறார்கள். நான் என்றால் இப்படிப் பேசுவேன்:

"அதிபர் அவர்களுக்கும், விருந்தினருக்கும், பெற்றோருக்கும், பிள்ளைகளுக்கும் வணக்கம். ஒரு கேள்வி. வீட்டுக் கிணறு நல்ல தண்ணி என்கிற ஆக்கள் கை தூக்குங்கோ. சரி, இறக்குங்கோ. சவர் என்கிற ஆக்கள்? இப்ப பக்கத்தில் இருக்கிறவரைப் பாருங்கோ. ஒரே ஊர், ஒரே மழை, ஒரே கல். ஏன் இரண்டு தண்ணி? எனக்கு மறுமொழி தெரியும், சொல்லமாட்டன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின்ர மேசையில் ஒரு சாடி இருக்கு. அதில் ஒரு கிணறு இருக்கு. மெதுவாய் இழுத்தால் ஒன்று வரும், கெதியாய் இழுத்தால் இன்னொன்று வரும். இழுக்கவேண்டியது நீங்கள், பிள்ளையள் இல்லை. இண்டைக்கு இங்க 'தொடாதே' என்று ஒரு மேசையிலும் எழுதியில்லை. தண்ணி சிந்தினால் துடைக்கத் துணி வைச்சிருக்கிறம். பிழைச்சால் திருப்பிச் செய்யலாம். அம்மம்மா, அப்பப்பா, துலா மிதிச்ச ஆக்கள் முதலில் வாங்கோ, உங்களுக்குத்தான் இது கெதியாய்ப் பிடிபடும். நீங்கள் முதல் மேசைக்குப் போனவுடன் நான் இறங்குறன்."

அவ்வளவுதான், இரண்டு நிமிடம் வராது. நாடா வெட்டுவதற்குப் பதில் பிரதம விருந்தினர் கையில் அந்த சிறிஞ்சைக் கொடுத்துவிடுங்கள். அவர் இழுத்துச் சட்டையில் சிவப்புப் பட்டால் கூட்டம் தானாகக் கிட்ட வரும். கேக் கலரிங் வெள்ளை வேட்டியில் பட்டால் இலேசில் போகாது என்பதை மட்டும் அவருக்கு முதலே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, சடாரென்று இழுத்த பிறகு சாடி முழுக்க ரோஸ் நிறமாகிவிடும். அதை ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்ப ஐந்து நிமிடமாவது பிடிக்கும். எனவே மூன்று சாடி வையுங்கள். ஒன்றில் ஆட்கள் இழுக்க, ஒன்று நிரப்பி நிற்க, மற்றதை ஒரு பிள்ளை ரெஜிபோம் துண்டோடு நிரப்பிக்கொண்டிருக்கட்டும். அந்த உப்புத் தண்ணீரை மாமரத்தடியில் ஊற்றவேண்டாம்.