திங்கள் செய்தியில் 'இது காத்திருக்கலாம்' என்று எழுதியும் டீம் அதையே செய்கிறது

"ஆறு பேர் டீம். திங்கள் காலை முன்னுரிமைகளை அனுப்புகிறேன், கடைசியில் 'மற்றவை நேரமிருந்தால்' என்றும் போடுகிறேன். புதன்கிழமை பார்த்தால் பாதிப் பேர் அந்த மற்றவையில்தான் இருக்கிறார்கள். எப்படி எழுதுவது?"

அந்த 'நேரமிருந்தால்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். வேலை கையில் இருப்பவர் அதை 'செய்துதான் ஆகவேண்டும், கொஞ்சம் மெதுவாக' என்றுதான் படிப்பார், அதுவும் அந்த வேலையைக் கேட்ட வேறொரு துறைக்காரர் அவரை நேரடியாகத் துரத்திக்கொண்டிருந்தால் உங்கள் செய்தி நிற்காது. ஒத்திப்போடும் வேலையைப் பெயர் சொல்லி, யாரிடம் இருக்கிறது, மறுபடி எப்போது எடுப்போம், கேட்டவரிடம் யார் பேசுவது என்று எழுதுங்கள். இப்படி:

"இந்த வாரம் முதல் வேலை பில்லிங் பிழை. வியாழன் மாலைக்குள் சோதனை முடியவேண்டும், பொறுப்பு கவிதா, துணைக்கு ரவி. ரவியிடம் இருக்கும் விற்பனை டாஷ்போர்டு இந்த வாரம் வேண்டாம், அடுத்த திங்கள் எடுப்போம். விற்பனைக் குழுவிடம் நானே சொல்லிவிட்டேன், யாராவது கேட்டால் என்னிடம் அனுப்புங்கள்."

'சொல்லிவிட்டேன்' என்பது உண்மையாக இருக்கவேண்டும், அதனால் செய்தி அனுப்பும் முன்பே அவர்களிடம் பேசிவிடுங்கள். அப்புறம், டாஸ்க் போர்டிலும் தேதியை மாற்றுங்கள். அங்கே பழைய கெடு சிவப்பாக நின்றால் ரவி அதைத்தான் நம்புவார். செவ்வாய் மதியம் ஒருமுறை போர்டைப் பாருங்கள், ஒத்திப்போட்டது நகர்ந்திருந்தால் யார் கேட்டார்கள் என்று ரவியிடம் விசாரியுங்கள், பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த அழுத்தமாகத்தான் இருக்கும்.